பன்னிரண்டாம் கம்பம்

செந்நெல் நகர் நான்காவது குறுக்குத் தெருக்காரர்களுக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிறவன். இன்னொன்று, அவன் வந்து போன சேதி வெளியே தெரிந்துவிடுவது. இரண்டில் எது பெரிய பயம் என்று கேட்டால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்கள் நடந்துகொண்டதைப் பார்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

கமலவேணிக்கு நன்றாகவே தெரியும். அவள்தான் அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். முப்பத்தோரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு மனுவை எப்படி ஆரம்பித்து எப்படி முடித்தால் அதிகாரி தூக்கி எறியாமல் படிப்பார் என்பது அவளுக்கு அத்துப்படி. சங்கத்தில் அவளைச் செயலாளர் ஆக்கியதற்குக் காரணமும் அதுதான். மற்றபடி நிர்வாகக் குழுவின் ஒன்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண். எட்டு ஆண்கள் பேசி முடித்ததை எழுதித் தருவது அவள் வேலை.

பயத்துக்குக் காரணம் 'தெருக்காவல்'. காவல் துறை கொண்டுவந்த கணக்குப் பொறி அது. எந்தத் தெருவில் எந்த மின்கம்பத்தின் அருகே என்ன குற்றம் நடந்தது என்று முதல் தகவல் அறிக்கை பதிவான ஒரு மணி நேரத்தில் அது வரைபடத்தில் புள்ளி வைத்துவிடும். புள்ளிகள் கூடினால் தெரு பச்சையிலிருந்து மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். ரோந்து வண்டி எங்கே போகவேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கும், நேரத்தை மட்டும் மனுவில் கேட்டபடி விட்டுவிடும். இன்ஸ்பெக்டர் நினைத்தால்கூட ஒரு வண்டியைத் திருப்ப முடியாது. முன்பெல்லாம் வேண்டியவர்கள் தெருவுக்கே ரோந்து போகிறது என்று புகார் எழுந்ததால் இந்த ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். காவலர்கள் மட்டும் தங்களுக்குள் அதைக் 'கங்காணி' என்று சொல்லிக்கொண்டார்கள்.

வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கலாம் என்று சட்டம். பார்த்தார்கள். வீடு வாங்க வந்தவன் பார்த்தான், பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள். சிவப்புத் தெருவில் சம்பந்தம் வேண்டாம் என்று தரகர் நேராகவே சொன்னார். ஆகவே எல்லாத் தெருவுக்கும் ரோந்து வேண்டும், ஆனால் எந்தத் தெருவுக்கும் புள்ளி வேண்டாம்.

நான்காவது குறுக்குத் தெருவில் அந்த வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குள் நான்கு பறிப்புகள் நடந்தன. முதலில் ஏழாம் கம்பத்தின் அருகே ஒரு பள்ளி ஆசிரியை. அடுத்து ஒன்பதாம் கம்பத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மருமகள். பிறகு மறுபடி ஒன்பதில், பால் பாக்கெட் எடுக்க வந்த ஒரு அம்மாள். மூன்று பேரும் காவல் நிலையம் போய் மனு கொடுத்து, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் சங்கத் தலைவர் சிவசைலம் அந்த வீட்டுக்குப் போனார். அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். மூன்று வீட்டிலும் காபி குடித்துவிட்டுத் தெருவின் நன்மையைப் பற்றிப் பேசினார். மூன்று பேரும், 'நகை வீட்டிலேயே கிடைத்துவிட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த மூன்று கடிதங்களையும் எழுதியது கமலவேணிதான்.

நான்காவதாகப் பறிகொடுத்தவள் தேசம்மா. அவள் தெருவின் கடைசியில் பிரியும் கிணற்றடிச் சந்தில் குடியிருப்பவள். நான்காவது குறுக்குத் தெருவில் ஐந்து வீடுகளில் வேலை செய்தாள். கமலவேணி வீட்டில் மட்டும் பத்தொன்பது வருடம். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவளைப் பதினோராம் கம்பத்தின் அருகே பைக்கில் வந்த இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். தாலிச் சங்கிலி அறுபடாமல் அவளையும் சேர்த்து நாலு கெஜம் இழுத்துக்கொண்டு போனது. வலது மணிக்கட்டு முறிந்தது. முன்பல் இரண்டு போயிற்று. அவள் வீட்டுக்கு யாரும் காபி குடிக்கப் போகவில்லை. கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுக்க அவளும் தயாராக இல்லை.

இதற்குப் பிறகுதான் ரோந்து கேட்டு மனு கொடுப்பது என்று சங்கம் தீர்மானம் போட்டது.

கமலவேணி அந்த மனுவை ஆசையாகத்தான் எழுதினாள். சங்கத்தின் பதிவு எண் போட்ட தாள். அனுப்புநர், பெறுநர்: காவல் ஆய்வாளர், சட்டம் ஒழுங்கு. நகல் உதவி ஆணையருக்கு. பொருள்: தொடர் சங்கிலிப் பறிப்பு, இரவு ரோந்து கோருதல். பார்வை: நிர்வாகக் குழுத் தீர்மானம், நாள். உடலில் அழுகையும் ஆத்திரமும் வேண்டாம், தேதியும் நேரமும் இடமும் போதும் என்பது அவள் கொள்கை. ஆய்வாளர் படிப்பது முதல் பக்கம்தான், அதனால் கோரிக்கை முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். ரோந்து வண்டி, நடை ரோந்து, தெருவின் இரண்டு முனையிலும் காவலர் கையெழுத்திடப் பட்டா புத்தகம், நம்பர் பிளேட் இல்லாத பைக்குகளைச் சோதனையிடுதல். இணைப்பு ஒன்று, சம்பவப் பட்டியல். இணைப்பு இரண்டு, கம்ப எண்களோடு தெருவின் வரைபடம். மூன்று, எரியாத விளக்குகள். நான்கு, யார் வீட்டு வாசலில் கேமரா இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற விவரம். கடைசியில் கதவு எண்ணும் கைபேசி எண்ணும் போட்டு எழுபத்திரண்டு பேர் கையெழுத்து.

ரோந்து நேரம் எழுதவேண்டிய இடத்தில்தான் முதல் அசிங்கம் நடந்தது. நான்கு பறிப்பும் விடிகாலை ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் நடுவில் நடந்தவை. வாசல் தெளிக்கவும் பால் எடுக்கவும் பெண்கள் வெளியே வரும் நேரம். ஆனால் குழுவின் எட்டு ஆண்களும் ரோந்து இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு இரவில்தான் பயம். வாசலில் நிற்கிற கார் கண்ணாடியை யாரோ கழற்றிக்கொண்டு போகிறானாம். கமலவேணி பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டம் முடிகிற நேரம், எல்லோரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். 'இரவு 11.00 முதல் காலை 5.00 வரை' என்று எழுதினாள்.

காவல் நிலைய வரவேற்பில் முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் ஆய்வாளர் ஜெபமணி சிவசைலத்தையும் கமலவேணியையும் கூப்பிட்டனுப்பினார். நாற்பதைத் தாண்டிய பெண், தூக்கமில்லாத கண்கள். மனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்திருந்தார், ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

மனு நன்றாக இருக்கிறது, ஆனால் கங்காணி இதை ஏற்காது என்றார். அதன் கணக்கில் அந்தத் தெருவில் குற்றமே நடக்கவில்லை. மூன்று மனுக்கள் முடிக்கப்பட்டுவிட்டன. நான்காவதும் இன்னும் வெறும் ரசீதுதான், முதல் தகவல் அறிக்கை ஆகவில்லை. அது எங்கள் தப்புதான், புகாரை மறுபடி எழுதிக் கொடுத்தால் உடனே பதிவு செய்கிறேன் என்றும் ஒப்புக்கொண்டார். மற்ற மூன்று பேரும் புதிதாகப் புகார் கொடுத்தால் எல்லாம் புள்ளியாகும், புள்ளியானால் வண்டி வரும்.

சிவசைலம், "புள்ளி விழாம வண்டி வர வழி இல்லீங்களா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சார். வண்டி புள்ளியைத் தேடித்தான் வரும்."

 மாலையில் சிவசைலம் இணைப்பு இரண்டை, அந்தத் தெரு வரைபடத்தை, எடுத்துக்கொண்டு கமலவேணி வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டாம் கம்பத்தின் மேல் விரலை வைத்தார். அந்தக் கம்பம் நிற்பது கிணற்றடிச் சந்தின் வாயில். நகராட்சிக் கணக்கில் அது சந்தைச் சேர்ந்தது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே முப்பதடிகூட இருக்காது.

"திருடன் எப்படியும் அந்தச் சந்து வழியாத்தானே மேடம் ஓடியிருப்பான்? சம்பவ இடம் அங்கன்னு போட்டா என்ன தப்பு? வண்டியும் வரும், நம்ம தெருவுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்களுக்கு என்ன, அவங்க வீட்டை யார் வாங்கப் போறா?"

முப்பத்தோரு வருடம் நான்கெல்லை எழுதிய கை அது. வடக்கே இன்னார் மனை, கிழக்கே பொதுப் பாதை என்று எழுதும்போது ஒரு இலக்கம் மாறினால் ஒருத்தன் நிலம் இன்னொருத்தனுடையதாகிவிடும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை. அப்படித் தெரிந்தவள்தான் உட்கார்ந்து நான்கு புகார்களை எழுதினாள். ஏழு, ஒன்பது, ஒன்பது, பதினொன்று எல்லாம் பன்னிரண்டாகின. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தனக்குத்தானே காரணமாகச் சொல்லிக்கொண்டாள்.

தெரு தப்பிக்கும் என்றதும் மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தேசம்மா இடது கையால் கையெழுத்துப் போட வந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எண்கள் நன்றாகவே தெரியும்.

"யக்கா, நான் வுழுந்தது பதினொண்ணாங் கம்பத்தாண்டதானே?"

"பக்கத்துலதானே தேசம்மா. எல்லாம் ஒரே இடம் மாதிரிதான். ஒண்ணாப் போட்டாத்தான் வண்டி வரும்."

"நீ சொன்னா சரிக்கா" என்று போட்டாள். முன்பல் இல்லாததால் அந்தச் சொற்கள் காற்றோடு வந்தன. கமலவேணி தாளை வாங்கி மடித்தாள்.

மனுவின் இணைப்பில் வேறு கம்பங்கள் இருந்தாலும், பதிவாவது புகாரில் உள்ள இடம்தான். மூன்றே நாளில் கிணற்றடிச் சந்து சிவப்பானது. நான்காவது குறுக்குத் தெரு பளபளவென்று பச்சையாகவே இருந்தது. ரோந்து வண்டி வந்தது. தெருக்காரர்கள் அதன் முன் நின்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டார்கள். பட்டா புத்தகம் பன்னிரண்டாம் கம்பத்தில் தொங்கியது.

வண்டி மனுவில் கேட்டபடியே இரவு பதினொன்றுக்கு வந்தது, காலை ஐந்துக்கு ஒரு நிமிடம் தாமதிக்காமல் போனது. அதன் முகம் சந்தைப் பார்த்திருந்தது, முதுகு நான்காவது தெருவுக்கு. சந்திலிருந்து அந்த நேரத்தில் வெளியே வருகிறவர்கள் யார்? பூ மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள், பேருந்து நிலையம் பெருக்கப் போகிறவர்கள், இட்லிக் கடைக்கு மாவு அரைக்கப் போகிறவர்கள். ஒவ்வொருவராக நிறுத்திக் கைரேகை வாங்கி, முகத்தைப் படம் பிடித்து, எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். சிவப்புத் தெருவுக்கு அதுதான் விதி. தேசம்மாவின் புருஷன் அஞ்சப்பன் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. எட்டாம் நாள் அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவள் கொழுந்தன் ஒருவனை, பைக்கின் காகிதம் சரியாக இல்லை என்று இரண்டு நாள் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். பறிகொடுத்தது தேசம்மா. விசாரணையும் அவள் குடும்பத்துக்கே.

பதினைந்தாம் நாள் சங்கக் கூட்டத்தில் இன்னொரு தீர்மானம் வந்தது. சிவப்புத் தெருவில் குடியிருப்பவர்களை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பில்லை, உறுப்பினர்கள் தவிர்க்கவும். சுற்றறிக்கையில் செயலாளர் கையெழுத்துப் போடவேண்டும்.

கமலவேணி சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தாள். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். பின்னால் அவளை அதிகம் உறுத்தியது, பிழையைத் திருத்தியதுதான். கையெழுத்தைவிட அது மோசம். விஷம் வைக்கிறவள் கிண்ணத்தை விளக்கி வைத்ததுபோல.

தேசம்மாவின் ஐந்து வீடுகளில் நான்கு நின்றன. ஐந்தாவது கமலவேணியின் வீடு. செயலாளர் வீட்டிலேயே சட்டத்தை மீறலாமா என்று சிவசைலம் சிரித்துக்கொண்டே கேட்டார். கை சரியாகிற வரைக்கும் வரவேண்டாம் என்று கமலவேணி சொல்லியனுப்பினாள். தேசம்மா சண்டைக்கு வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் இந்த வீட்டில் தான் வைத்துவிட்டுப் போன ஒரு தட்டையும் டம்ளரையும் மட்டும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள். அந்தத் தட்டும் டம்ளரும் தனியாக வெளியே சுவரோரம் வைக்கப்பட்டிருந்தவை. அவற்றை எடுத்துக் கொடுக்கும்போது கமலவேணிக்கு முதல் தடவையாக அந்த இடம் கண்ணில் பட்டது.

ஐந்தாவது பறிப்பு சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்கு நடந்தது. ரோந்து வண்டி போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வெளிச்சம் வந்துவிட்டது. கமலவேணி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பைக் சத்தம் கேட்டது, பிறகு ஒரு கத்தல். எட்டிப் பார்த்தாள். ஒன்பதாம் கம்பத்தின் கீழே, பாதிக் கோலத்தின் மேல், சிவசைலத்தின் மனைவி காந்திமதி உட்கார்ந்திருந்தாள். பைக் நேராகப் பிரதான சாலைப் பக்கம் போனது. சந்துப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கமலவேணி செருப்பில்லாமல் ஓடினாள். அவள் போவதற்குள் சிவசைலம் மனைவியைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார். காந்திமதி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். சங்கிலியின் கொக்கி கழன்று சாக்கடையில் விழுந்துவிட்டது என்று சிவசைலம் ஆரம்பித்தார். கமலவேணி அந்தத் துண்டைப் பார்த்தாள். சரி, போலீசில் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் பன்னிரண்டாம் கம்பம் என்றே எழுதுங்கள் என்றார். அதே இனிமையான குரல். வரும் மாதம் வீட்டைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார்களாம்.

அவர் கைபேசியில் பேச வெளியே போனதும் காந்திமதி துண்டை விலக்கினாள். கழுத்தைச் சுற்றிக் கயிறு போட்டு இழுத்ததுபோல் சிவந்து, ஒரு பக்கம் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது.

"டாக்டர்கிட்டப் போனாக் கேப்பாங்கன்னு போக வேண்டாங்கிறார். சாக்கடையில விழுந்ததுன்னு நானும் சொல்லணுமாம்." துண்டை மறுபடி சுற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு தேசம்மாவுக்கும் இப்படித்தான் எரிஞ்சிருக்கும், இல்ல?" என்றாள்.

 அந்த வீட்டின் மேல், அந்தத் தெருவின் மேல், தன் அழகான கையெழுத்தின் மேல், எல்லாவற்றின் மேலும் கமலவேணிக்கு அருவருப்பு வந்தது. வீட்டுக்குப் போய்த் தாள் எடுத்தாள். நான்கு புகார்களையும் எழுதியது தானே என்றும், சம்பவ இடங்கள் உண்மையில் ஏழு, ஒன்பது, ஒன்பது, பதினொன்று என்றும், சந்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்றும், யார் சொல்லி எப்போது மாற்றினாள் என்றும், பொருள் பார்வை எல்லாம் இல்லாமல் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி முடித்தாள். மகளிடம் சொன்னாள். அவள் வரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எழுதியது சரிதான் என்று மட்டும் சொன்னாள்.

பிறகு கிணற்றடிச் சந்துக்குப் போனாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. தேசம்மா கட்டுப் போட்ட கையோடு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கடைக்காரன் கொடுத்த வேலை. கமலவேணி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் ரெண்டு வாரம் முன்னாடியே ஸ்டேசன்ல போயி மாத்திச் சொல்லிட்டேங்கா. பதினொண்ணுன்னு. எழுதிக்கினாங்க. ஒண்ணும் ஆவல" என்றாள். ஆனாலும் எழுந்து கூட வந்தாள்.

காவல் நிலையத்தில் தேசம்மாவை வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கமலவேணியை மட்டும் ஆய்வாளர் ஜெபமணி உள்ளே அழைத்தார். ஒன்றரைப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"பொய்த் தகவல் எழுதிக் கொடுத்ததா உங்க மேலயே வழக்கு வரலாம், தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"புகார்தாரர்தான் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கணும். மத்த மூணு பேரும் வரமாட்டாங்க. வந்தது அந்தம்மா ஒருத்தங்கதான்."

"அவ சொன்னதை ஏன் எடுத்துக்கல?"

ஜெபமணி திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. கங்காணி ஒவ்வொரு சொல்லுக்கும் எடை போடுமாம். பச்சைத் தெருக்காரர் சொன்னால் முழு எடை. சிவப்புத் தெருக்காரர் சொன்னால் கால் எடை. அங்கே ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பொய் சொல்வார்கள் என்பது பழைய வழக்குகளைப் படித்து அது தானே கற்றுக்கொண்ட பாடம். தேசம்மா புகார் கொடுத்தபோது அவள் சந்து பச்சை. அந்தப் புகாராலேயே சந்து சிவப்பானது. ஆகவே திருத்தம் கொடுக்க வந்தபோது அவள் சொல்லுக்குக் கால் எடைதான்.

"நீங்க பச்சை. எழுதினவங்களும் நீங்களே. உங்க சாட்சியம் ஏறும். நான் ஏத்துறேன்" என்றார் ஜெபமணி. ஏனோ அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

கமலவேணி கையெழுத்திட்டாள். ஆய்வாளர் தட்டினார். மணி பன்னிரண்டு ஏழு. திரையில் பன்னிரண்டாம் கம்பத்தில் குவிந்திருந்த நான்கு புள்ளிகளும் ஒவ்வொன்றாக நகர்ந்து ஏழு, ஒன்பது, ஒன்பது, பதினொன்றில் போய் நின்றன. கிணற்றடிச் சந்து மஞ்சளாகி, பச்சையானது. நான்காவது குறுக்குத் தெரு சிவந்தது. கமலவேணிக்கு அழுகை வந்தது. இவ்வளவு சுலபமா, இதற்கா இத்தனை நாள் என்று இருந்தது. அவள் கைபேசி சங்கத்துக்காரர்களின் அழைப்புகளால் துடிக்க ஆரம்பித்தது. அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"கொஞ்சம் இருங்க. போயிடாதீங்க" என்றார் ஜெபமணி.

பன்னிரண்டு பதினெட்டுக்குத் திரை ஒருதரம் மினுங்கியது. நான்கு புள்ளிகளும் வந்த வழியே திரும்பிப் பன்னிரண்டாம் கம்பத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. சந்து சிவப்பு. தெரு பச்சை.

கமலவேணி திரையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஒவ்வொரு மாத்தத்துக்கும் அப்புறம் அது தன் கணக்கை ஒரு தடவை சரி பார்க்கும்" என்று ஜெபமணி சொன்னார். "சாட்சி யாருன்னு பார்த்துச்சு. நீங்க. உங்க தெரு என்னன்னு பார்த்துச்சு. சிவப்பு, நீங்களே ஆக்கினது. சிவப்புத் தெருக்காரர் சாட்சியத்துக்குக் கால் எடை. பத்தாது. அதனால பழைய கணக்குக்கே போயிடுச்சு."

"இப்ப மறுபடி பச்சையாச்சே. மறுபடி ஏத்துங்க."

"ஒரு தடவை தள்ளின சாட்சியத்தை முரண்பட்டதுன்னு மூடிடும். திரும்பத் திறக்காது." அவர் தாளை மடித்து வழக்குக் கட்டில் வைத்தார். "இது தாளா இங்க இருக்கும். கோர்ட்டுக்குப் போறப்போ சேர்த்து அனுப்புவேன். எப்பப் போகும்னு கேட்காதீங்க."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்க அம்மா இருக்கிற தெருவுக்கு நான் ஒருதரம் இப்படித் திருத்தம் எழுதிக் கொடுத்தேன், அதுவும் இப்படித்தான் திரும்பிடுச்சு" என்றார் ஆய்வாளர். "மேலே எழுதிப் போட்டிருக்கேன். பொறி நடுநிலையா இருக்குன்னு பதில் வந்துச்சு."

காலையில் காந்திமதிக்கு நடந்ததைச் சொல்லி, வேறு யார் வந்து சொன்னாலும் இப்படித்தானா என்று கமலவேணி கேட்டாள். தெருக்காரர் யார் சொன்னாலும் இதுதான் என்றார். உண்மையைச் சொன்ன நிமிடத்தில் தெரு சிவந்துவிடும். சிவந்த தெருவின் உண்மை செல்லாது. காந்திமதி வந்து ஒன்பதாம் கம்பம் என்று புதுப் புகார் கொடுத்தால் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். ஒரு புள்ளிக்குத் தெரு மஞ்சள்கூட ஆகாது. அதற்கும் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டும். பழைய நான்கும் சந்தின் தலையிலேயே கிடக்கும்.

கமலவேணி வெளியே வந்தாள். வெயில் பெஞ்சின் பாதிக்கு வந்திருந்தது. தேசம்மா நிழல் இருந்த ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன்."

"நம்புனாங்களா?"

"பதினோரு நிமிஷம் நம்புனாங்க, தேசம்மா."

தேசம்மா முறியாத கையை ஊன்றி எழுந்தாள். அவள் முகத்தில் கோபமோ கிண்டலோ இல்லை. உண்மையாகவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பதினோரு நிமிசமா?" என்றாள். "எங்க பேச்ச யாரும் அம்மாம் நேரம் நம்புனதே இல்லக்கா."

வெங்காயம் பாதியில் கிடக்கிறது, கடைக்காரன் திட்டுவான் என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். கமலவேணி பின்னால் போனாள்.